புதுப்பிப்பு நாளுக்கு முன்பே மூடப்படும் அட்டை எண்

சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டுப் பணம் போய்விட்டது என்று சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் "நான்தான் நிறுத்த மறந்துட்டேன்" என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். அடுத்து, கைபேசி நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்திருக்கலாம், மின்னஞ்சலைக் கவனமாகப் பார்த்திருக்கலாம் என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பணம் போவதற்கான அனுமதி அட்டை எண்ணைத் தட்டச்சு செய்த நிமிடத்திலேயே கைமாறிவிடுகிறது. மறதி அதற்கு வெகுநாள் கழித்து வருவது. தடுப்பையும் அந்த முதல் நிமிடத்தில்தான் போட வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு நான் எடுப்பது மெய்நிகர் அட்டை, அதாவது செயலிக்குள் எண்ணாக மட்டுமே இருக்கும், வேண்டியபோது உருவாக்கி வேண்டாதபோது மூடிவிடக்கூடிய அட்டை.

முதல் முறை பணம் கட்டும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். பதினாறு இலக்க எண்ணையும் காலாவதி மாதத்தையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் தருகிறோம். வங்கியிலிருந்து ஒருமுறைக் கடவுச்சொல் வருகிறது, அல்லது செயலி "இது நீங்கள்தானா?" என்று கேட்கிறது. ஒப்புகிறோம். அந்த நேரத்தில் விற்பவரின் கணினி அந்தக் கொடுக்கல் வாங்கலுடன் ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறது: இந்த அட்டை விவரம் சேமித்து வைக்கப்படுகிறது, இனி தொடர் கட்டணத்துக்குப் பயன்படும் என்று. அடுத்த மாதமோ அடுத்த வருடமோ வரும் கோரிக்கையை விற்பவரே தொடங்குகிறார். அப்போது நாம் அங்கே இல்லை என்பது வங்கிக்கும் தெரியும். ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர் என்ற அடிப்படையில் அது நம்மைக் கேட்காமலே பணத்தைக் கொடுக்கிறது. விடிகாலை மூன்று மணிக்குக் கடவுச்சொல் எதுவும் கேட்காமல் பணம் போவது இப்படித்தான். அது திருட்டும் இல்லை, வங்கியின் பிழையும் இல்லை.

இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு. "கார்டு தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லி வேற கார்டு வாங்கிடுங்க, எல்லாம் நின்னுடும்" என்பார்கள். ஒரு காலத்தில் அது பலித்தது. இப்போது விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே அட்டை விவரங்களைப் புதுப்பித்துத் தரும் சேவைகளை நடத்துகின்றன. வங்கி பழைய எண்ணை மாற்றிப் புதிய எண் தந்தால், அந்தப் புதிய எண்ணையும் காலாவதித் தேதியையும் இந்தச் சேவைக்கு அறிவிக்கிறது. பழைய எண்ணை வைத்திருக்கும் கடைக்காரர், பில் போடுவதற்கு முன் சேவையிடம் கேட்டால் புதிய எண் கிடைத்துவிடுகிறது. வாடிக்கையாளரின் மின்சாரக் கட்டணமோ காப்பீடோ அறுந்துபோகக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த வசதி இது. ஆனால் நாம் கைகழுவ நினைத்த சந்தாவுக்கும் அதே வசதி கிடைக்கிறது. எல்லா வங்கிகளும் எல்லா அட்டைகளுக்கும் இதைச் செய்வதில்லை. அதனால்தான் ஒருவருக்கு அட்டை மாற்றியதும் சந்தா நின்றுபோகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்குப் புது அட்டையிலும் தொடர்கிறது.

இந்தச் சேவையின் நடைமுறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, மெய்நிகர் அட்டையின் பலமும் அங்கேதான் இருக்கிறது. வங்கி ஓர் எண்ணை 'மாற்றியது' என்றால் கடைக்காரருக்குப் போகும் பதில் புதிய எண். அந்தக் கணக்கை 'மூடியது' என்றால் போகும் பதில் 'கணக்கு மூடப்பட்டது' என்பது. மூடிய எண்ணுக்கு வாரிசு கிடையாது. நம்முடைய முக்கிய வங்கி அட்டையை அப்படி மூட முடியாது, அதில் பேருந்துக் கட்டணம் முதல் மளிகை வரை தொங்குகிறது. ஒரே ஒரு கடைக்காக உருவாக்கிய எண்ணை மூடுவதில் நமக்கு எந்த இழப்பும் இல்லை.

சிங்கப்பூரில் இதற்கு யாரை நாடுவது? ரெவல்யூட், வைஸ் என்ற இரண்டு பணப்பைச் செயலிகளும் இங்கே செயலிக்குள்ளேயே மெய்நிகர் அட்டைகளைத் தருகின்றன. வைஸில் ஒரே சமயத்தில் மூன்று வரை வைத்துக்கொள்ளலாம், நினைத்தபோது தற்காலிகமாகப் பூட்டி உறையவைக்கலாம், வேண்டாமென்றால் நீக்கிவிட்டு இன்னொன்றை உருவாக்கலாம். ரெவல்யூட்டில் சாதாரண மெய்நிகர் அட்டையோடு 'ஒருமுறை அட்டை' என்ற இன்னொரு வகையும் உண்டு. ஒரு கட்டணம் முடிந்ததும் அதன் எண் அழிந்து வேறு எண் வந்துவிடும். இந்தப் பணப்பைகள் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமத்தின் கீழ் நடப்பவைதாம். ஆனால் வங்கி வைப்புக்குள்ள காப்புறுதி இவற்றில் கிடக்கும் பணத்துக்குக் கிடையாது. இந்த வேலைக்கு ஐம்பது, நூறு வெள்ளி இருந்தாலே தாராளம்.

இரண்டு வகையில் எதை எடுப்பது என்ற கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'ஒருமுறை' என்ற சொல்லே கவர்ச்சியாக இருக்கிறது, அதைத்தானே எடுக்க வேண்டும் என்று தோன்றும். நான் அப்படிச் செய்வதில்லை. காரணத்தை ஒரு நடந்த கதையோடு சொன்னால் விளங்கும்.

அக்கா மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு மாணவி. வேலைப்பயிற்சிக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றைத் திருத்தி, சான்றிதழ்களோடு சேர்த்து ஒரே பிடிஎஃப் கோப்பாக அன்றிரவே அனுப்ப வேண்டியிருந்தது. தேடியதில் முதலில் வந்த தளத்தில் எல்லா வேலையையும் முடித்துவிட்டாள். பதிவிறக்கப் பொத்தானை அழுத்தும்போதுதான் அது பணம் கேட்டது.

"சித்தி, ஒரே ஒரு டாலர்தான். உங்க கார்டு நம்பர் கொஞ்சம் தர்றீங்களா?"

"முதல்ல அந்தப் பொத்தானுக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு படி."

படித்தாள். ஏழு நாள் முன்னோட்டத்துக்கு ஓர் அமெரிக்க டாலர். அதன்பின் நிறுத்தும்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை 29.95 அமெரிக்க டாலர். சாம்பல் நிறத்தில், கண்ணுக்குச் சிரமம் தரும் அளவில் எழுதியிருந்தது. நான்கு வாரம் என்பதை மாதம் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். வருடத்துக்கு 52 வாரம், ஆக 13 முறை. மாதக் கணக்கில் 359.40 டாலர் வருவது இங்கே 389.35 டாலராகிறது. ஒரு மாணவிக்கு அது சிறிய தொகை இல்லை.

இலவச மென்பொருளில் முதலிலிருந்து செய்யலாம்தான். ஆனால் இரவு பதினொன்றாகியிருந்தது, நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும். அந்த ஒரு டாலரைக் கட்டுவது நியாயமான செலவு. அதற்குப் பின்னால் வரும் 29.95ஐத்தான் வரவிடக் கூடாது.

செயலியில் புதிதாக ஒரு மெய்நிகர் அட்டையை உருவாக்கினேன். அதற்குத் தளத்தின் பெயரையும் அன்றைய தேதியையும் பெயராக வைத்தேன். பல எண்கள் சேர்ந்த பிறகு எது எந்தக் கடைக்கு என்று இந்தப் பெயர்தான் சொல்லும். மாதச் செலவு வரம்பை மூன்று வெள்ளியாக வைத்தேன். ஒரு டாலருக்கும் நாணய மாற்று விகிதத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் அது போதும், 29.95க்குப் போதாது. எண்ணை உள்ளிட்டதும் செயலி ஒப்புதல் கேட்டது, கொடுத்தேன், பணம் போனது, கோப்பு இறங்கியது. உடனே அட்டையை உறையவைத்தேன்.

ஒருமுறை அட்டையை எடுக்காததற்குக் காரணம் உண்டு. பல தளங்கள் முதலில் அட்டை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க, பூஜ்ஜியத் தொகைக்கோ சிறு தொகைக்கோ ஒரு கோரிக்கையை அனுப்பும். அது முடிந்த பிறகுதான் உண்மையான கட்டணக் கோரிக்கை வரும். ஒருமுறை அட்டையின் எண் அந்தச் சோதனையிலேயே தீர்ந்துபோக வாய்ப்பிருக்கிறது. அப்படியானால் ஒரு டாலர் கோரிக்கை மறுக்கப்படும், கோப்பு இறங்காது, நள்ளிரவு நெருங்கும்போது மீண்டும் எண் மாற்றி அல்லாட வேண்டும். இணையக் கடையில் மூன்று பொருள் வாங்கி அவர்கள் மூன்று பொட்டலமாக அனுப்பினாலும் இதே தொல்லைதான். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனியாகப் பணம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டாவது கோரிக்கை வரும்போது எண் இருக்காது. ஒருமுறை அட்டை நன்றாகப் பொருந்துவது ஒரே தடவையில் கணக்கு முடிகிற, திரும்பிப் போகப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த இடங்களுக்கு.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமானது. உயிரோடு இருந்தும் உறைந்திருக்கும் அட்டை சாட்சி சொல்லும். அதற்கு யார் எப்போது எவ்வளவு கேட்டார்கள் என்பது செயலியில் பதிவாகும். மூடிப்போன எண்ணுக்கு வரும் முயற்சி நமக்குத் தெரியாமலே போகலாம்.

அட்டையை உறையவைத்த கையோடு அவளைத் தளத்தின் கணக்குப் பக்கத்துக்குப் போய்ச் சந்தாவை ரத்து செய்யச் சொன்னேன். "அதான் கார்டை லாக் பண்ணிட்டீங்களே சித்தி, அப்புறம் எதுக்கு?" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். அட்டை மறுக்கப்படுவதாலேயே ஒப்பந்தம் ரத்தாகிவிடாது. நாம் பொத்தானை அழுத்தியபோது ஒப்புக்கொண்ட விதிமுறைகள் அப்படியே நிற்கின்றன, விற்பவரின் ஏட்டில் அது 'கட்டணம் நிலுவை' என்று ஏறும். இத்தகைய சில்லறைத் தளங்கள் பெரும்பாலும் சில முறை முயன்றுவிட்டுக் கணக்கை முடக்குவதோடு விட்டுவிடும். ஆனால் சட்டப்படி பார்த்தால் நாம் விடுபட்டது ரத்து செய்ததால்தான். அட்டை பூட்டு மட்டுமே.

ரத்துப் பக்கத்தில் நான்கைந்து கேள்விகள், பாதி விலைக்குத் தருகிறோம் என்ற ஒரு பக்கம், அதன்பின் 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்ற வரி. அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்தாள். அந்த வரியில் 'பெறப்பட்டது' என்றுதான் இருந்தது, 'ரத்து செய்யப்பட்டது' என்று இல்லை. அன்றிரவு இருவருமே வேலை முடிந்த நிம்மதியில் இருந்தோம், விண்ணப்பமும் நேரத்துக்குப் போயிற்று.

எட்டாம் நாள் விடிகாலையில் செயலியில் அறிவிப்பு வந்திருந்தது: அந்தத் தளத்திலிருந்து 29.95 அமெரிக்க டாலர், மறுக்கப்பட்டது, அட்டை உறைந்துள்ளது. பூட்டு வேலை செய்தது என்று மகிழலாம். ஆனால் அந்த அறிவிப்பு சொன்ன முக்கியமான செய்தி வேறு. முறையாக ரத்தான சந்தாவுக்கு முயற்சியே வராது. முயற்சி வந்திருக்கிறது என்றால் அவர்கள் ஏட்டில் சந்தா இன்னும் உயிரோடு இருக்கிறது. அவளை அழைத்து மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியைப் பார்க்கச் சொன்னேன். அங்கே கிடந்தது, ரத்தை உறுதிப்படுத்த இந்த இணைப்பை அழுத்தவும் என்ற கடிதம். அழுத்தினாள், 'ரத்து செய்யப்பட்டது' என்ற பதில் வந்தது. அதற்கிடையில் இன்னொரு முயற்சியும் நடந்து மறுக்கப்பட்டிருந்தது. அதன்பிறகு எதுவும் வரவில்லை. ஒரு பில் சுழற்சி முழுவதும் அமைதியாகக் கழிந்த பிறகு அந்த அட்டையை நிரந்தரமாக நீக்கினேன்.

முக்கிய வங்கி அட்டையைக் கொடுத்திருந்தாலும் எட்டாம் நாள் இதே விஷயம் தெரியவந்திருக்கும், ஆனால் நாற்பது வெள்ளிக்குப் பக்கத்தில் போன பிறகு.

மறுக்கப்பட்ட முயற்சிகள் ஒன்றோடு நிற்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மறுப்போடும் ஒரு குறியெண் விற்பவருக்குப் போகிறது. 51 என்றால் கணக்கில் பணமில்லை, 54 என்றால் அட்டை காலாவதி, 14 என்றால் அப்படி ஓர் எண்ணே இல்லை. பணமில்லை என்ற பதில் வந்தால் பில் போடும் மென்பொருள் சம்பள நாள் வரட்டும் என்பதுபோல் சில நாள் விட்டு மீண்டும் மீண்டும் முயலும். எண்ணே இல்லை என்றால் பெரும்பாலும் விட்டுவிட்டு, புது அட்டை கொடுங்கள் என்று கடிதம் எழுதும்.

இங்கேதான் ஒரே மெய்நிகர் அட்டையைப் பல கடைகளுக்குப் பயன்படுத்துவது ஆபத்தாகிறது. உறையவைத்து வைத்திருப்பீர்கள், வேறொரு கடையில் ஏதோ வாங்க ஐந்து நிமிடம் திறப்பீர்கள், மீள்முயற்சிக்காகக் காத்திருந்த பழைய சந்தா அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே வந்துவிட முடியும். திறந்ததை மறுபடி பூட்ட மறந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கடைக்கு ஓர் எண் என்பதை விடாமல் பிடித்துக்கொண்டால் இந்தச் சிக்கலே எழாது.

பணப்பையைக் காலியாக வைத்தால் போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்க டாலரில் வரும் கட்டணத்தைத் தடுக்க, அமெரிக்க டாலர் இருப்பை மட்டும் பூஜ்ஜியமாக்கி வைப்பார்கள். இத்தகைய பல நாணயப் பணப்பைகள், கேட்ட நாணயம் இல்லையென்றால் சிங்கப்பூர் வெள்ளி இருப்பிலிருந்து தாமாகவே மாற்றிக் கொடுத்துவிடும், அதற்காகத்தான் அவை இருக்கின்றன. தானியங்கி நிரப்புதலை இயக்கியிருந்தால் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் வந்து சேரும். காலிப் பையை நம்ப வேண்டாம், அட்டையின் வரம்பையும் உறைநிலையையும் நம்புங்கள்.

வரம்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அக்கா மகளின் கதையில் முதல் கட்டணம் சிறியது, புதுப்பிப்புக் கட்டணம் பெரியது. அதனால் மூன்று வெள்ளி வரம்பு எத்தனை மாதமானாலும் காவல் காக்கும். வருடச் சந்தாவில் கணக்கு வேறு. முதல் வருடம் 120 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், வரம்பை 125 வெள்ளியாக வைத்துப் பணம் கட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டால், மாத வரம்பு ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தொடங்கும். அடுத்த வருடம் அதே 120 வெள்ளி தடையில்லாமல் உள்ளே வந்துவிடும். முதல் கட்டணம் போன அன்றே வரம்பைக் கீழே இறக்குங்கள், அல்லது உறையவையுங்கள்.

மெய்நிகர் எண் எடுபடாத இடங்களும் இருக்கின்றன. சில தளங்கள் அட்டையின் முதல் சில இலக்கங்களைப் பார்த்தே அதை வழங்கியவர் யார், அது முன்பணம் ஏற்றும் வகையா என்று தெரிந்துகொண்டு, முன்னோட்டத்துக்கு இந்த அட்டை செல்லாது என்று மறுத்துவிடும். முன்னோட்டத்துக்கு வருபவர் கட்டாயம் கடன் அட்டைதான் தர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் தளத்தை நான் கூடுதல் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

பேபால் வழியாகக் கட்டினால் மெய்நிகர் எண்ணின் காவல் பாதியாகக் குறைந்துவிடும். சந்தா அனுமதி அங்கே பேபால் கணக்கின் மேல் இருக்கிறது. நீங்கள் இணைத்த மெய்நிகர் அட்டை மறுத்தால், அதே கணக்கில் இணைந்துள்ள வேறு அட்டையிலிருந்தோ வங்கிக் கணக்கிலிருந்தோ எடுக்க முடியும். அங்கே போய்த் தானியங்கிக் கட்டணங்கள் பகுதியில் அந்தக் கடையை நீக்க வேண்டும். ஆப்பிள், கூகுள் செயலிக் கடைகளும் இப்படியே. அவற்றில் பெரும்பாலும் பல சந்தாக்களுக்கு ஒரே கட்டண முறைதான் இருக்கும், ஒன்றை நிறுத்த அட்டையை முடக்கினால் மேகச் சேமிப்பில் இருக்கும் குடும்பப் படங்கள் வரை பாதிக்கும். ஆப்பிளில் நிலுவை இருந்தால் புதிய செயலி வாங்கவும் விடாது. அங்கே அமைப்புகளில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்வதுதான் வழி, முன்னோட்டமாக இருந்தால் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக. நல்ல வேளையாக, அங்கே ரத்து என்பது இரண்டு தட்டில் முடிகிறது.

அடுத்தது சிங்கப்பூரில் நாம் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம்: உடற்பயிற்சிக் கூடம், துணைப்பாட நிலையம், அழகு நிலையத் தொகுப்புகள். இவற்றில் பலவும் 'ஜைரோ' வழியாக நேரே வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கின்றன. எண் என்ற பேச்சே அங்கே இல்லை. வங்கிச் செயலியில் ஜைரோ ஏற்பாட்டைத் தனியாக நிறுத்த வேண்டும். அட்டையில் கட்டியிருந்தாலும், பன்னிரண்டு மாதக் கட்டாயக் காலத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றாம் மாதம் எண்ணை மூடினால் மீதி ஒன்பது மாதம் கடனாகத்தான் நிற்கும். வசூல் கடிதம் வரும். இதற்கு மெய்நிகர் அட்டையைப் பயன்படுத்தச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தருவதில்லை. ஒப்பந்தம் தவறாக விற்கப்பட்டது என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அதற்கு மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம், இரண்டு வருடத்துக்குள், 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வெள்ளி வரை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. புதுப்பிக்கப்பட வேண்டும் என்று நாம் விரும்புகிற விஷயங்கள். ஒரு தோழி பல வருடமாக எழுதிவரும் தன் வலைத்தளத்தின் பெயரைப் பதிவு செய்ய எந்த அட்டையைக் கொடுப்பது என்று கேட்டாள். கண்டிப்பாக மெய்நிகர் எண் வேண்டாம் என்றேன். இணையப் பெயரின் புதுப்பிப்பு தவறினால் அதை வேறொருவர் வாங்கிக்கொள்ள முடியும், பிறகு மீட்பது பெரும்பாடு. காப்பீடு, தொலைபேசிக் கட்டணம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். விடுதி முன்பதிவுக்கு வேறு காரணம், வந்து சேர்ந்ததும் பதிவு செய்த அதே அட்டையைக் காட்டுங்கள் என்பார்கள். கையில் காட்ட எதுவும் இருக்காது.

பணம் திரும்ப வர வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். எண்ணை மூடியிருந்தாலும் திருப்பும் பணம் அதை வழங்கிய நிறுவனத்துக்குத்தான் போகிறது. அந்த எண் யாருடையது என்று அவர்களிடம் பதிவு இருப்பதால் பொதுவாக உங்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஆனால் சில நாள் கூடுதலாகும், சில சமயம் நாமே கேட்டு எழுத வேண்டிவரும். திருப்பித் தர வாய்ப்புள்ள பொருளை வாங்கினால், திருப்பும் காலம் முடியும்வரை அட்டையை உறைநிலையில் வைத்துவிட்டுப் பிறகு நீக்குங்கள்.

முக்கிய அட்டையில் ஏற்கெனவே பணம் போய்விட்டவர்களுக்கு மெய்நிகர் எண் உதவாது, ஆனால் வழி இருக்கிறது. முதலில் ரத்து செய்து அதற்கான சான்றை வாங்குங்கள். அதன்பின் விற்பவரிடம் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தாலோ பதிலே இல்லையென்றாலோ வங்கியிடம் எதிர்ப்புப் படிவம் கொடுங்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளிலும் 'ரத்து செய்த பிறகும் எடுக்கப்பட்ட தொடர் கட்டணம்' என்று தனி வகையே உண்டு. இதற்குப் பொதுவாக 120 நாள் கால வரம்பு, வங்கிக்கும் வேலை செய்ய நேரம் வேண்டும் என்பதால் அந்த மாதக் கணக்கு அறிக்கை வந்த உடனே கொடுத்துவிடுவது நல்லது.

முன்னோட்டத்திலிருந்து நகர்ந்த சந்தாவாக இருந்தால் இன்னொரு பிடியும் கிடைக்கும். 2020 ஏப்ரல் 18 முதல் விசாவின் விதிப்படி, முன்னோட்டமோ அறிமுக விலையோ தரும் கடைக்காரர், தொடர் கட்டணத்துக்குத் தெளிவான ஒப்புதல் வாங்க வேண்டும், முழுக் கட்டணம் தொடங்குவதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு நினைவூட்டல் அனுப்ப வேண்டும், இணையத்தில் எளிதாக ரத்து செய்யும் வழி தர வேண்டும். அப்படி ஒரு நினைவூட்டல் வரவில்லை என்றால் எதிர்ப்புப் படிவத்தில் அதைத் தனி வரியாக எழுதுங்கள். கூடவே பதிவு செய்த தேதி, ரத்து செய்த தேதி, திரைப்பிடிப்பு, விற்பவருக்கு அனுப்பிய கடிதம் ஆகிய நான்கையும் இணையுங்கள். எதிர்ப்பு முடிவாகும்வரை அதே கடை அடுத்த சுழற்சிக்கு மீண்டும் கேட்கும் என்பதால், இனி அந்தக் கடையின் தொடர் கட்டணத்தை நிறுத்தி வைக்குமாறு அதே அழைப்பில் வங்கியிடம் தனியாகச் சொல்லுங்கள். சில வங்கிகளில் செயலியில் போடும் தற்காலிகப் பூட்டு ஏற்கெனவே பதிவான சந்தாவைத் தொடாது, அதனால் பூட்டியாயிற்று என்று இருந்துவிட வேண்டாம்.